வெறுங்கையோடு போகாத மூன்று மெயில்கள்

என் தங்கை சிவசக்தியைத் தெமோதரைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். "வெள்ளக்காரங்களக் கூட்டிக்கிட்டு மலையில நடக்கிற புள்ள" என்றால் ஸ்டேஷனில் கடலை விற்பவர்கூட தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வழி சொல்வார். ஆனால் அவள் அந்த வேலையில் நிலைத்தது நடந்து அல்ல, எழுதி. அதைத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நான் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, பதுளை டவுனில் ஸகீனா அக்காவின் தையல் கடைக்கு வேலைக்குப் போனவள். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். தங்கை உயர்தரம் வரை படித்தாள். பிறகு எல்லா என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருடம் ரிசப்ஷன் வேலை பார்த்தாள். ஹோட்டல் வேறு ஆளுக்குக் கைமாறியதும் பழைய ஆட்களை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் ஒரு வாரம் தூங்கினாள். எட்டாவது நாள் எழுந்து, "அக்கா, நான் சொந்தமா ஒண்ணு செய்யப் போறேன்" என்றாள்.

அவள் செய்தது இதுதான். வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் எல்லாவில் இறங்கி, ஒன்பது வளைவுப் பாலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களை அடுத்த ஸ்டேஷனான தெமோதரையில் இறக்கி, தேயிலை மலை வழியாக எங்கள் லயத்துக்கு நடத்திக் கூட்டிவருவாள். மத்தியானம் ரொட்டி, காரமான கட்டச் சம்பல், பருப்பு, ஒரு கீரை. சாப்பிட்டு முடித்ததும் வேறு பாதையால் திரும்பவும் ஸ்டேஷன். தோட்டத்தை நடத்தும் தொரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தாள். பைகளைத் தூக்க எங்கள் மாமா மகன் ரமேஸின் த்ரீவீலர். சமையல் நானும் அம்மாவும், எனக்கு லீவு கிடைக்கும் நாட்களில்.

வந்தவர்கள் எல்லோரும் சந்தோஷமாகத்தான் போனார்கள். வந்தவர்கள்தான் போதவில்லை. ஸ்டேஷனில் ஒட்டிய தாளைப் பார்த்து ஒருவர், இருவர் வருவார்கள். சில வாரம் அதுவும் இல்லை. இதை நம்பி ஒரு பெண் வாழ முடியாது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. கொழும்பில் இருக்கும் சித்தி, வெள்ளவத்தையில் ஒரு பெரிய மருந்துக் கடையில் அவளுக்கு வேலை பேசி வைத்துவிட்டார். அக்டோபர் முதலாம் திகதி சேர வேண்டும்.

அப்பாவிடம் சிவசக்தி ஒரு வாக்குக் கொடுத்தாள். "செப்டம்பர் முடியிறதுக்குள்ள நிலையான ஒரு ஏற்பாடு வரலன்னா நான் சித்தி வீட்டுக்குப் போயிருறேன். அதுக்கப்புறம் இதப் பத்திப் பேசவே மாட்டேன்."

நிலையான ஏற்பாடு என்று அவள் சொன்னது கொழும்பில் உள்ள ஒரு பயணக் கம்பனியை. டிசம்பரில் தொடங்கும் சீசனுக்கு வாரத்துக்கு ஒரு குழுவாவது மலைநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். எந்தக் குழு எங்கே இறங்கும், எங்கே சாப்பிடும் என்ற திட்டத்தை அவர்கள் செப்டம்பர் கடைசியில் முடித்துவிடுவார்கள். அதைப் போடுகிறவர் பெயர் பர்ஹான் என்று ஹோட்டலில் இருந்தபோதே அவளுக்குத் தெரியும். அவருக்கு மெயில் எழுதுவது என்று முடிவு செய்தாள்.

ஒரு மெயில் அல்ல, மூன்று.

"எதுக்கு மூணு?" என்று ரமேஸ் கேட்டான். "ஒண்ணு போடு. பதில் வரலன்னா 'ஐயா என் மெயில் பாத்தீங்களா'ன்னு இன்னொண்ணு போடு. அப்புறமும் வரலன்னா, 'ஐயா பாத்தீங்களா இல்லையா'ன்னு போடு."

"அப்படித்தான்டா ஹோட்டலுக்கு மரக்கறி போடுறவங்க, மெழுகுதிரி விக்கிறவங்க எல்லாரும் எழுதுவாங்க. 'எங்கள் முந்தைய மெயில் கிடைத்ததா?' கிடைச்சிருக்கும். யாரு இல்லன்னா? மெனேஜர் அதப் பாத்ததும் அழிக்கச் சொல்லுவாரு. நான்தானே அழிச்சேன்."

அப்பா இராசையா முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்து ஃபாக்டரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தலையைத் தூக்கி, "மூஞ்சியக் காட்டணும்மா" என்றார். "நம்ம லயத்துக்குத் தகரம் எப்படி வந்துச்சு? தெனமும் ஆபீஸ் வாசல்ல போயி நின்னேன். தொர என்னப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போயித்தான் தகரம் குடுத்தாரு."

"அப்பா, தொர ஆபீஸ விட்டு வெளிய வந்தா உங்களத் தாண்டித்தான் போகணும். பர்ஹான் சாரு ஒரு விரல அசைச்சா நான் காணாமப் போயிருவேன்."

"அப்ப என்னதான் செய்யப் போற?"

"ஒரு வீட்டுக்கு மூணு தடவ போறீங்கன்னு வச்சுக்கங்க. மூணு தடவையும் கையில ஒரே பிஸ்கட் பாக்கெட்டா கொண்டு போவீங்க? ஒரு தடவ வாழப்பழம், ஒரு தடவ கீரை. அவங்களுக்கு என்ன ஒதவுமோ அது. 'என்ன, நான் கேட்டது என்னாச்சு'ன்னு வெறுங்கையோட வந்து நிக்கிறவனுக்கு யாரு கதவு தெறப்பாங்க?"

ரமேஸ் யோசித்தான். "வாழப்பழத்த மெயில்ல எப்படி அனுப்புறது?" என்றான். அப்பா சிரித்ததில் மண்வெட்டிப் பிடி கையிலிருந்து நழுவியது.

அவள் சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி: ஒவ்வொரு மெயிலிலும் அந்த மனிதருக்குப் பயன்படும் புது விஷயம் ஒன்று இருக்க வேண்டும். அவர் எங்களோடு வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அது அவருக்குப் பயன்பட வேண்டும். மெயில் சின்னதாக இருக்க வேண்டும். கடைசியில் ஒரேயொரு சின்னக் கேள்வி. இடையில் சில நாள் விட வேண்டும். அவர் பதில் போட்டுவிட்டால் மீதி மெயில்களை அனுப்பக் கூடாது, பதிலுக்குப் பதில் எழுத வேண்டும்.

முதல் மெயிலுக்கு அவள் எடுத்த விஷயம் ரயில். தெமோதரை ஸ்டேஷனில் நம்மை இறக்கிவிட்ட ரயில், மலையை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கம் வழியாகப் போகும். எங்களுக்கு இது தினமும் பார்க்கும் காட்சி. எல்லாவில் இறங்குகிறவர்களுக்கு அது கிடைக்காது. மெயிலில் அவள் எழுதியது தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"உங்கள் பயணிகள் பாலத்தில் கூட்டம் அதிகம் என்று இணையத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தேன். அவர்களை ஒரு ஸ்டேஷன் கூடுதலாக ரயிலில் இருக்கச் சொல்லுங்கள். தெமோதரையில் இறங்கி, மேடைக்குப் பின்னால் உள்ள மேட்டில் சில நிமிடங்கள் நின்றால், தாங்கள் வந்த அதே ரயில் காலுக்குக் கீழே போவதைப் பார்ப்பார்கள். இதற்குக் கட்டணம் இல்லை, வழிகாட்டியும் தேவையில்லை. அங்கிருந்து தேயிலை மலை வழியாக நடந்து ஒரு லயத்து வீட்டில் மதிய உணவு சாப்பிடும் அரை நாள் நடையை நான் நடத்துகிறேன். அதைப் பற்றி அரைப் பக்கம் அனுப்பட்டுமா?"

அதோடு நடைபாதையின் சின்ன வரைபடம் ஒன்றையும் இணைத்தாள்.

முதலில் 'ஐந்து நிமிடங்கள்' என்றுதான் எழுதியிருந்தாள். நான் விடவில்லை. "போயிப் பாத்தியா?" என்றேன். ஞாயிறும் போயா என்ற பௌர்ணமி லீவுமாக மூன்று தடவை இரண்டு பேரும் அந்த மேட்டில் போய் நின்றோம். ஒரு நாள் சீக்கிரம் வந்தது. ஒரு நாள் ரயில் ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டிருந்தது. அதனால் 'சில நிமிடங்கள்' என்று மாற்றினோம். அவர் ஆட்களை அனுப்பி, சொன்ன நேரத்தில் ரயில் வராவிட்டால் நம் பேச்சுக்கு என்ன மரியாதை?

செவ்வாய்க்கிழமை காலையில் மெயில் போனது. அன்றைக்கு அவள் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. புதன், வியாழன் என்று நாட்கள் போயின. பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை ரமேஸ் வந்தான். முகத்தைப் பார்த்ததுமே ஏதோ செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று தெரிந்தது.

"சக்தி, கோவப்படாத. நான் அந்தக் கம்பனிக்குப் போன்ல ஒரு கோல் எடுத்தேன்."

"என்னான்னு எடுத்த?"

"தெமோதர ஹெட் ஆபீஸ்ல இருந்து பேசுறோம்னு."

"எந்த ஹெட் ஆபீஸ்டா?"

"த்ரீவீலர்தான். வேற எங்க?"

சிவசக்தி தலையில் கையை வைத்துக்கொண்டாள். நான் கேட்டேன், "அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒரு பொம்பளப் புள்ள எடுத்துச்சு. பர்ஹான் சாரு வெளிநாட்டுல ஏதோ பயணக் கண்காட்சிக்குப் போயிருக்காராம். அடுத்த வாரம் கடைசியிலதான் வருவாராம். மெயில் எல்லாம் அவரு வந்துதான் பாப்பாராம். 'எந்த ஹெட் ஆபீஸ், என்ன விசயம்'னு கேட்டுச்சு. அதுக்குள்ள ஹயருக்கு ஒரு ஆள் வந்துட்டாரு, வச்சுட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப அவரு திரும்பி வந்ததும் நூறு மெயில் இருக்கும். எல்லாரும் மேல இருக்கிறதத்தான் மொதல்ல தொறப்பாங்க. ரெண்டாவது மெயிலத்தான் மொதல்ல பாப்பாரு, இல்லன்னா மூணாவத. 'நான் முன்னாடி சொன்ன மாதிரி'ன்னு ஆரம்பிச்சா அவருக்கு ஒண்ணும் வெளங்காது. ஒவ்வொண்ணும் தனியா நின்னா வெளங்கணும். தலைப்பும் தனித்தனியா இருக்கணும்."

"அப்ப நான் கோல் எடுத்தது நல்லது" என்றான் ரமேஸ்.

"நல்லதுதான். இனிமே எடுக்காத."

இரண்டாவது மெயிலுக்கு, வந்துபோன விருந்தினர்கள் சாப்பாட்டைப் பற்றி எழுதியதைப் போடுவது என்று நினைத்திருந்தாள். அதில் எனக்கு அவ்வளவு திருப்தியில்லை. நம் சாப்பாட்டை நல்லது என்று நாமே எடுத்து அனுப்பினால் அதனால் அவருக்கு என்ன லாபம்? ஆனால் நான் எதுவும் சொல்வதற்கு முன்பே விஷயம் வேறு பக்கமாகத் திரும்பிவிட்டது.

திங்கட்கிழமை அப்பா கடைப்பக்கம் போய் வந்து, "ஏழாம் நம்பர் மலைய கவ்வாத்து வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க" என்றார்.

சிவசக்தி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அப்படியே நிறுத்திவிட்டாள். முதல் மெயிலில் அனுப்பிய வரைபடத்தில் இருந்தது ஏழாம் நம்பர் மலைப் பாதைதான். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது. வெட்டிய கிளைகள் பாதை முழுவதும் கிடக்கும். கத்தியோடு ஆட்கள் வேலை செய்வார்கள். அந்த மலைக்குள் வெளி ஆட்களை விடமாட்டார்கள். செடி துளிர்த்து வரும்வரை பல மாதங்களுக்கு அங்கே கொழுந்து பறிப்பும் இருக்காது.

"சொல்லாத" என்றான் ரமேஸ். "அவரு இன்னும் மெயிலே பாக்கல. பாத்தாலும் கவ்வாத்துன்னா என்னான்னு கொழும்புல யாருக்குத் தெரியும்? குரூப்பு வர்ற நேரத்துல நம்ம வேற பாதையில கூட்டிக்கிட்டுப் போவோம். மொத மெயில்லயே தப்பான பாதையக் குடுத்துட்டேன்னு நீயே போயிச் சொல்லுவியா?"

"தப்பான பாத இல்ல. அப்ப சரியான பாத. இப்ப இல்ல."

"அதுக்குப் பதிலா வெலையக் கொறைக்கிறோம்னு எழுது. யாரா இருந்தாலும் அதத்தான் பாப்பாங்க."

"வெலையக் கொறைக்கிறது அவருக்குப் புது விசயம் இல்ல ரமேஸ். நம்ம பயந்துட்டோம்கிற விசயம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, அவளோடு மலைக்குப் போனேன். ஏழாம் நம்பரின் வாசலில் காவல்காரர் நின்றிருந்தார். மாத முடிவு வரை யாரும் போக முடியாது என்றார். எல்லாவிலிருந்து வரும் வழிகாட்டிகள் சிலர் அந்தப் பாதையால்தான் கோயில் மேட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போவார்கள், அவர்களையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். "காலையில ரெண்டு பேரு வந்து வாதாடுனாங்க. வயசான வெள்ளக்காரங்க பாவம், ஏறி வந்து எறங்கிப் போறாங்க."

சிவசக்தி அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது, இரண்டாவது மெயில் கிடைத்துவிட்டது என்று.

அன்று முழுவதும் மாற்றுப் பாதை பார்த்தோம். ஓடைப் பக்கமாக ஒரு வழி இருந்தது. அதில் அட்டைக் கடி அதிகம். மேல் ரோட்டு வழி கொஞ்சம் சுற்று, ஆனால் நிழல் உண்டு, முதியவர்களும் நடக்கலாம். எந்த இடத்தில் படி இருக்கிறது, எந்த இடத்தில் மழை பெய்தால் வழுக்கும் என்று நான் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் போனில் பதிந்துகொண்டாள். பாதை பிரியும் இடங்களில் படமும் எடுத்தாள்.

இரண்டாவது மெயிலின் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிட்டது: தெமோதரையில் ஏழாம் நம்பர் மலைப் பாதை மாத முடிவு வரை மூடியிருக்கிறது, மாற்று வழி உள்ளே. மெயிலில் எழுதினாள்:

"தெமோதரை ஏழாம் நம்பர் மலைப் பாதையில் இப்போது தேயிலைச் செடிகளை வெட்டும் கவ்வாத்து நடக்கிறது. போன வாரம் நான் அனுப்பிய வரைபடத்தில் இருப்பதும் இந்தப் பாதைதான். எல்லாவிலிருந்து கோயில் மேட்டுக்குப் போகும் வழிகாட்டிகளும் வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். உங்கள் வழிகாட்டிகள் யாராவது இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் மேல் ரோட்டு வழியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். திரும்ப வேண்டிய இடங்களின் படங்கள் இதில் இருக்கின்றன. மழை நாளில் ஓடை வழியைத் தவிர்க்கவும். இந்த மாதம் இந்தப் பக்கம் உங்கள் குழு ஏதாவது வருகிறதா?"

தன்னைப் பற்றியும் தன் நடையைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி மட்டும்தான். அனுப்புவதற்கு முன் ரமேஸ் எட்டிப் பார்த்தான்.

"இதுல நம்ம வியாபாரம் எங்க இருக்கு?"

"கடைசி வரியில."

"அந்த வரிய இன்னுங் கொஞ்சம் பெருசா எழுதக் கூடாதா?"

அதற்கும் பதில் இல்லை. அந்த வாரமும் ஓடிப்போனது. இடையில் சித்தி போன் எடுத்து, மருந்துக் கடையில் யூனிஃபார்முக்கு அளவு கேட்கிறார்கள் என்றார். அளவு எடுத்தவள் நான்தான். அளவு எடுக்கும்போது அவள் கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினாள். திரும்பச் சொன்னேன், திரும்பினாள். "அக்கா, இடுப்புல கொஞ்சம் லூஸா போடச் சொல்லு. கொழும்புக்குப் போனா சோகத்துல சாப்பிட்டுக் குண்டாயிருவேன்" என்றாள். அவள் சொன்னபடியே இடுப்புக்கு இரண்டு அங்குலம் கூட்டி எழுதினேன்.

மூன்றாவது மெயில்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மனசுக்குள் பயம் வந்துவிட்டால் கெஞ்சத் தோன்றும் என்று அவளே சொன்னாள். இரண்டு தடவை எழுதி அழித்தாள். முதலாவதில் 'தயவுசெய்து' நான்கு இடத்தில் வந்திருந்தது. இரண்டாவதில் எங்கள் குடும்பக் கஷ்டம் எல்லாம் வந்துவிட்டது.

"இது மெயில் இல்ல, மனு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இத எழுதுனா அவரு பாவம்னு நினைப்பாரு. பாவம்னு நினைச்சவங்க வீட்டுக்கு யாரும் ஆள் அனுப்ப மாட்டாங்க."

அப்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன வருடம் வந்த ஒரு ஜோடி, கொழுந்து பறிப்பதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம், எல்லாவுக்கு அருகில் யாரும் மலையில் இல்லை என்று வருத்தப்பட்டார்கள். நான் அதைச் சொன்னதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு மலையில் கொழுந்து பறித்தால் மறுபடி அங்கே வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அடுத்த நாள் எந்த மலை என்பது முதல் நாள் மாலையே கங்காணிக்குத் தெரியும். அடுத்த நாள் காலை எல்லோரும் கூடும் பெரட்டில் ஆட்களைப் பிரித்து அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளிலும் பெரும்பாலும் மலையில் ஆள் இருக்காது. இது லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொழும்பில் திட்டம் போடுகிறவருக்குத் தெரியாது. அவர்கள் நல்ல நாள் என்று ஞாயிற்றுக்கிழமையைப் போட்டு, விருந்தினர்களை வெறும் மலையைப் பார்க்க வைப்பார்கள்.

மூன்றாவது மெயிலில் அதைத்தான் எழுதினாள். எந்தக் கிழமைகளில் வந்தால் பறிப்பைப் பார்க்கலாம், எந்தக் கிழமைகளைத் தவிர்க்க வேண்டும். குழு வருவதாக இருந்தால் முதல் நாள் மாலையே எந்த மலை என்று வாட்ஸ்அப்பில் சொல்வதாகவும் எழுதினாள். அதோடு, அவர்கள் திட்டத்தில் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளும்படி அந்த அரை நாளைப் பற்றி ஒரு பத்தி, விலையோடு, இரண்டு படங்களோடு. ரயில் ஓடாத நாளுக்கு வேனில் வரும் வழியும் இருந்தது.

கடைசியில் எழுதினாள்: "இதைப் பற்றி நான் எழுதும் கடைசி மெயில் இது. இந்த சீசனுக்குப் பொருந்தாவிட்டால் பரவாயில்லை, கிழமைகளின் விபரத்தை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வழிகாட்டிகளுக்கு உதவும். பொருந்தும் என்றால், புதன்கிழமைக் குழு ஒன்றுக்கு இடம் ஒதுக்கட்டுமா?"

"கடைசி மெயில்னு ஏன் எழுதுற?" என்று அப்பா கேட்டார். அவருக்கு அது பிடிக்கவில்லை. வாசலில் நின்று பழகியவர் அல்லவா.

"அவரு நிம்மதியா இருக்கட்டும் அப்பா. இந்தப் புள்ள விடாதுன்னு பயந்து ஓடக் கூடாது. ஒண்ணு ஆமான்னு சொல்லட்டும், இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும்."

பதில் இரண்டு நாளில் வந்தது. நான் கடையில் ஒரு கல்யாணச் சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். போனில் படம் ஒன்று வந்து விழுந்தது. ஒரே ஆங்கிலம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அதுவும் நெஞ்சு அடித்தால் வராது. ஸகீனா அக்காவின் மகள் றின்ஸா பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"றின்ஸா, கொஞ்சம் வாசி."

"நல்லதா கெட்டதா?"

"அதுக்குத்தான் வாசிக்கச் சொல்றேன்."

ஸகீனா அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, "சத்தமா வாசி புள்ள, எனக்கும் கேக்கட்டும்" என்றார்.

றின்ஸா வாசித்துத் தமிழில் சொன்னாள். பர்ஹான் வெளிநாட்டிலிருந்து வந்ததும் முதலில் பார்த்தது பாதை மூடியிருக்கும் மெயிலைத்தான். யார் எழுதியது என்றே பார்க்காமல் அதை எல்லாவில் நின்ற தன் வழிகாட்டிக்கு அனுப்பியிருக்கிறார். அந்த வழிகாட்டி அடுத்த நாள் பத்துப் பேரோடு அதே வழியால் போக இருந்தார். மேல் ரோட்டு வழியால் போய், படங்கள் சரியாக இருந்தன என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் பர்ஹான் ரயிலைப் பற்றிய மெயிலைத் தேடி வாசித்தார். "பதில் எழுத உட்கார்ந்தபோது மூன்றாவது வந்துவிட்டது, நான் கேட்க நினைத்த கேள்விக்கு அதில் பதில் இருந்தது" என்று எழுதியிருந்தார். மாத முடிவுக்கு முன் ஒரு சின்னக் குழுவை அனுப்பிப் பார்ப்பார். அது நன்றாக நடந்தால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை புதன்கிழமைகள்.

"கீழ இன்னும் ஒண்ணு எழுதியிருக்கு" என்றாள் றின்ஸா. "உங்கள் ஹெட் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று எங்கள் ரிசப்ஷனில் கேட்கிறார்கள்னு."

ஸகீனா அக்கா கண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு வந்தது வேறு கண்ணீர். "இன்னிக்கு வேல போதும், போ யோகா. தங்கச்சியப் போயிப் பாரு" என்றார். கல்யாணச் சட்டையை அவரே எடுத்துக்கொண்டார்.

அந்தச் சின்னக் குழு செப்டம்பர் கடைசி வாரத்தில் வந்தது. ஆறு பேர், கூட வழிகாட்டி மிப்ரான், பண்டாரவளைக்காரர். ஏறி வரும்போதே சிவசக்தியைப் பார்த்து, "நீங்கதானா தங்கச்சி அந்தப் படத்த அனுப்பினது? அன்டைக்கு என் மானத்தக் காப்பாத்திட்டீங்க. பத்துப் பேரோட ஏறிப் போயி வாசல்ல நின்டிருந்தா, என்னையே கவ்வாத்து வெட்டியிருப்பாங்க" என்றார். எட்டாம் நம்பர் மலையில் பறிப்பு நடந்தது. கங்காணி முதல் நாள் சொன்னது அப்படியே. லயத்தில் சாப்பிடும்போது ஒரு வயதான அம்மா கட்டச் சம்பலை மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்காவது தடவையும் கேட்டார். ரமேஸ் தண்ணீர்ச் செம்போடு அவர் பின்னாலேயே நின்றான்.

இரண்டு நாள் கழித்துப் புதன்கிழமைகள் உறுதியாகிவிட்டன என்று மெயில் வந்தது. அன்று மாலையே சிவசக்தி சித்திக்குப் போன் எடுத்தாள். நாங்கள் எல்லோரும் கேட்க, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சித்தி, நான் வரல. இங்கயே வேல அமைஞ்சிருச்சு."

சித்தி குரலை உயர்த்தினார். "அப்ப கடைக்காரருக்கு நான் என்னடி சொல்றது? யூனிஃபார்ம் வேற தைக்கக் குடுத்தாச்சு."

"கடைக்காரருக்கு நானே ஒரு மெயில் போடுறேன். என் கூடப் படிச்ச ஒரு புள்ள வேல தேடுது. கணக்கு என்னவிட நல்லாச் செய்யும், என் அளவுதான் இருக்கும். அவ விபரத்தையும் சேத்து அனுப்புறேன். நீங்க கடைக்காரர்கிட்ட வெறுங்கையோட போக வேணாம்."

"நீ ஒருத்திடி" என்றார் சித்தி. பிறகு குரல் மாறியது. "சரி, அப்படி என்னதான் காட்டுற அங்க? டிசம்பர் லீவுக்கு நாங்க நாலு பேரு வாறோம். எங்களுக்கும் காட்டு. காசு கீசு கேக்காத."

"வாங்க சித்தி. எல்லாம் காட்டுறேன்" என்றாள் என் தங்கை. "புதன்கிழமை மட்டும் வந்துறாதீங்க. அன்னிக்கு எனக்கு வேல இருக்கு."